அந்த விலைக்கு உயிர் இருக்கிறதா?

மும்பை பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து மாலை 3.30-க்கு மூடிவிடும். குறியீட்டெண் 10 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ நாடு முழுக்க வர்த்தகத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. கிரிப்டோவுக்கு இரண்டுமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கும் பிட்காயின் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு விலை போனாலும், மணியடித்து எல்லோரையும் நிறுத்த ஒருவரும் இல்லை. இது ஒரே சந்தையும் இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் தனி ஆர்டர் புக், தனி சர்வர், தனி விலை. 'பிட்காயின் இப்போது என்ன விலை?' என்று கேட்பவருக்கு நாம் சொல்லும் எண், இந்தத் தனித்தனி விலைகளிலிருந்து யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எண். அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில்தான் நான் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன்.

எங்கள் அலுவலகம் சென்னையில். பெரிய அளவில் காயின் வாங்கவோ விற்கவோ வருகிறவர்களுக்கு நேரடியாக விலை சொல்லும் டெஸ்க் ஒன்று இருக்கிறது. டெஸ்க் ஒரு விலை சொன்னால் சில நொடிகளுக்கு அது செல்லும். வாடிக்கையாளர் 'சரி' என்று சொல்லிவிட்டால் அந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சில நொடிகளில் திரையில் இருக்கும் எண் பொய்யாக இருந்தால், அந்தப் பொய்யை முதலில் கண்டுபிடிக்கிறவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் புரோகிராம்கள் எல்லாச் சந்தையிலும் உலவுகின்றன. ஆகவே விலை எங்கே போகும் என்று கணிப்பது எங்கள் வேலையே இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த எண்ணை நம்பலாமா, கூடாதா என்று சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை.

நான் சேர்ந்த புதிதில், அலாரம் அடித்ததும் "அண்ணா, முப்பத்தெட்டாயிரத்துக்கு வந்துருச்சு" என்று கத்துவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "விலை எவ்வளவுன்னு அப்புறம் சொல்லு தம்பி. அது எத்தனை செகண்ட் பழசுன்னு முதல்ல சொல்லு" என்பார். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட மற்ற எல்லாமே அந்த ஒரு கேள்விக்குக் கீழேதான் வருகின்றன.

காரணம் இதுதான். தாறுமாறாகத் துள்ளும் விலை எல்லோர் கண்ணிலும் படும், அலாரமும் அடிக்கும். அசையாமல் நிற்கும் விலை யார் கண்ணிலும் படாது. ஓர் எக்ஸ்சேஞ்ச் படுத்துவிட்டால் திரையில் உள்ள கட்டம் காலியாவதில்லை. கடைசியாக வந்த எண் அப்படியே, பார்வைக்கு நல்ல விலை மாதிரியே நின்றுகொண்டிருக்கும். சாதாரண அலாரம் 'விலை இவ்வளவு மாறினால் கூப்பிடு' என்று எழுதப்பட்டிருக்கும். மாறாத விலைக்கு அது கூப்பிடவே கூப்பிடாது.

விலை எங்களுக்கு எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சோடும் வெப்சாக்கெட் என்ற இணைப்பு ஒன்றைத் திறந்து வைத்திருப்போம். நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, வர்த்தகம் நடக்க நடக்கச் செய்தி தானாக வந்து விழும். இந்த இணைப்பு இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, அறுந்து போவது. அதனால் தொல்லை இல்லை; புரோகிராமுக்கு உடனே தெரியும், மறுபடி இணைத்துக்கொள்ளும். பைனான்ஸ் போன்ற இடங்களில் எந்த இணைப்புக்கும் 24 மணி நேரம்தான் ஆயுள், அதற்கு மேல் அவர்களே துண்டித்துவிடுவார்கள். அதனால் அறுவதற்குத் தயாராகத்தான் எல்லோரும் எழுதியிருப்பார்கள். இரண்டாவது விதம்தான் மோசம். இணைப்பு திறந்தே இருக்கும், நாம் தட்டினால் மறுமுனை பதிலும் கொடுக்கும். ஆனால் அதற்குப் பின்னால் விலையைக் கொடுக்க வேண்டிய மேட்சிங் எஞ்சின் நின்றுபோயிருக்கும். உறவுக்காரர் ஃபோனை எடுத்து 'ம்ம்' என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவது போல.

இதைப் பிடிக்க ஒவ்வொரு விலைக்கும் இரண்டு நேரத்தைக் குறித்துவைக்கிறோம். எக்ஸ்சேஞ்ச் தன் செய்திக்குள் போட்டு அனுப்பும் நேரம் ஒன்று, அது எங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக ஒரு நொடியில் சிறு பகுதிதான். அது நொடிக்கணக்கில் நீண்டால், செய்தி வழியில் தேங்குகிறது என்று பொருள். செய்தியே வராமல் இருந்தால், கடைசிச் செய்தியின் வயது ஏறிக்கொண்டே போகும். திரையில் விலைக்குப் பக்கத்தில் அந்த வயதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். விலையை விடப் பெரிதாகவே.

ஆனால் எத்தனை நொடி போனால் பழசு என்று எல்லாக் காயினுக்கும் ஒரே கணக்கு வைக்க முடியாது. பிட்காயினில் பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் ஐந்து நொடி வியாபாரமே நடக்கவில்லை என்றால் கட்டாயம் ஏதோ கோளாறு. யாரும் அதிகம் தொடாத சிறு காயினில் ஐந்து நிமிடம் வியாபாரம் இல்லாமல் போவது சகஜம். அங்கே மௌனத்தை மட்டும் வைத்து, செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் சில எக்ஸ்சேஞ்ச்கள் இதயத்துடிப்பு மாதிரி ஒரு செய்தியைத் தனியாக அனுப்புகின்றன. கோயின்பேஸில் `heartbeat` என்ற சேனலைக் கேட்டு வாங்கினால், நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அதில் கடைசி வியாபாரத்தின் எண் `last_trade_id` என்று இருக்கும். துடிப்பு வருகிறது, வியாபார எண் மாறவில்லை என்றால் சந்தை அமைதியாக இருக்கிறது. துடிப்பு வருகிறது, வியாபார எண்ணும் ஏறுகிறது, ஆனால் எங்களிடம் அந்த வியாபாரங்கள் வந்து சேரவில்லை என்றால், செய்திகளை நாங்கள்தான் தவறவிடுகிறோம். துடிப்பே நின்றுவிட்டால் அந்த எக்ஸ்சேஞ்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

கணக்கிலிருந்து எடுப்பது எப்படி என்பதற்கு 2021 மே 19-ஐச் சொல்கிறேன். அதற்கு முந்தைய நாள் சீனாவில் நிதித் துறைச் சங்கங்கள் மூன்று, கிரிப்டோ சேவை எதுவும் தரக் கூடாது என்று தங்கள் உறுப்பினர்களுக்கு அறிவிப்பு விட்டிருந்தன. அன்று காலை 43,000 டாலரை ஒட்டி இருந்த பிட்காயின், நம் ஊர் நேரப்படி மாலை ஆறு மணிக்கு மேல் செங்குத்தாக விழ ஆரம்பித்து, ஏழு மணிக்குள் 30,000 டாலரைத் தொட்டுத் திரும்பியது. அன்று பல எக்ஸ்சேஞ்ச்கள் திணறின என்பது ஊரறிந்த செய்தி. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கவும், கடன் வாங்கிப் போட்ட பணத்தைக் காப்பாற்றவும் உள்ளே நுழையப் பார்ப்பார்கள். விலை அதிகம் ஆடும் நேரமும் சர்வர் படுக்கும் நேரமும் ஒன்றாகவே வருவது தற்செயல் இல்லை. ஒரே கூட்டம்தான் இரண்டையும் செய்கிறது.

அப்போது நாங்கள் ஐந்து எக்ஸ்சேஞ்ச் விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுந்துகொண்டிருந்த நடுவில் திரையில் இருந்தவை இவை: 34,910, 34,870, 34,955, 34,890, பிறகு 38,412. கடைசியாகச் சொன்ன எக்ஸ்சேஞ்சின் இணைப்பு பச்சையாகவே இருந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. அவர்களுடைய நிலவரப் பக்கமும் எல்லாம் நன்றாக இயங்குவதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. (நிலவரப் பக்கத்தை மனிதர்கள்தான் மாற்ற வேண்டும். எங்கள் டெஸ்க் அதைத் தாமதச் செய்தியாக மட்டுமே எடுத்துக்கொள்ளும்.) வயதுக் கட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 35,607 டாலர் வரும். உண்மையில் நான்கு இடங்களில் வியாபாரம் நடந்தது 34,900-ஐ ஒட்டி. ஒரே ஒரு செத்த விலை, சராசரியைக் கிட்டத்தட்ட 700 டாலர் மேலே இழுத்துவிடுகிறது. அதை நம்பி டெஸ்க் ஒருவரிடம் 35,600-க்குக் காயின் வாங்கினால், அடுத்த நொடி அதை விற்க 34,900-தான் கிடைக்கும். பத்துக் காயின் என்றால் 7,000 டாலர் போச்சு. அதனால் சராசரியை நாங்கள் தொடுவதே இல்லை. ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுப்போம். 34,870, 34,890, 34,910, 34,955, 38,412. நடுவில் இருப்பது 34,910. செத்த விலை 38,412 ஆக இருந்தாலும் 3,84,120 ஆக இருந்தாலும் நடு எண் நகராது. அதற்கு முன்னாலேயே வயதைப் பார்த்து அதைத் தள்ளியும் விடுவோம். சோதனையின் கரு இவ்வளவுதான்:

```python
age = now_ms - last_event_ms
med = median(fresh_prices)
gap = abs(price - med) / med
ok  = age < limit_ms[coin] and gap < 0.01
```

இதில் `fresh_prices` என்பது வயதுச் சோதனையில் தேறியவை மட்டும். வயதை முதலில் பார்த்து, விலகலை அடுத்ததாகப் பார்ப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. விலகலை மட்டும் பார்த்தால், மற்ற விலைகள் 1 சதவீதம் நகரும்வரை செத்த விலை நல்லவனாகவே உட்கார்ந்திருக்கும். வயது அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தது, அந்த எக்ஸ்சேஞ்ச் திரும்பி வந்த நேரம். நின்றுபோனது திடீரென்று ஓடத் தொடங்கினால் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடாது. தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் முதலில் கொட்டும். 38,400, 38,300, 38,150 என்று கட்டம் படபடவென்று மாறும். பார்க்கிறவருக்கு அங்கே இப்போதுதான் வியாபாரம் மும்முரமாக நடக்கிற மாதிரி இருக்கும். அது அரைமணி நேரத்துக்கு முந்தைய வியாபாரத்தின் மறு ஒளிபரப்பு. எங்கள் மெஷினுக்கு வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் வைத்து வயது பார்த்தால் எல்லாமே புத்தம் புதிதாகத் தெரியும். செய்திக்குள் எக்ஸ்சேஞ்ச் போட்ட நேரத்தைப் பார்த்தால்தான் பழசு என்று புரியும். இரண்டு நேரத்தையும் வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

அடுத்து ஆர்டர் புக். விலைப்பட்டியல் முழுவதையும் எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு முறையும் அனுப்பாது. முதலில் ஒரு முழுப் படம், பிறகு மாற்றங்கள் மட்டும். பைனான்ஸின் மாற்றச் செய்தியில் `U`, `u` என்று இரண்டு எண்கள் இருக்கும், அந்தத் தொகுப்பின் முதல் எண்ணும் கடைசி எண்ணும். அடுத்து வரும் `U`, முன்பு வந்த `u`-ஐ விட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஏதோ விழுந்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம் விழுந்தாலும் போதும், யாரோ எப்போதோ ரத்து செய்த ஆர்டர் எங்கள் பட்டியலில் பேயாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் ஒட்டுப்போட்டுப் பார்ப்பதில்லை. முழுப் படத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக வாங்குகிறோம்.

திரும்பி வரும் எக்ஸ்சேஞ்ச் பல நேரம் ஒரேயடியாகக் கதவைத் திறந்துவிடாது. முதலில் ஏற்கெனவே போட்ட ஆர்டரை ரத்து செய்ய மட்டும் விடும். பிறகு புதிய ஆர்டரைப் போட விடும், ஆனால் உடனே மோதி வியாபாரம் ஆகாமல் வரிசையில் மட்டும் நிற்கும். கடைசியில்தான் முழு வியாபாரம். நடுக்கட்டத்தில் அங்கே தெரியும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் யாரும் இன்னும் காசு கொடுக்கவில்லை. அதனால் எங்களிடம் ஒரு விதி: வயது சரியாகி, புக் புதிதாகக் கட்டப்பட்டு, அங்கே உண்மையான வியாபாரம் நடந்து, அந்த விலை மற்ற இடங்களோடு சில நிமிடம் ஒட்டி நின்ற பிறகுதான் அந்த எக்ஸ்சேஞ்சை மறுபடி கணக்கில் சேர்ப்போம். டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்காது. "சார், ஓடுதே, ஏன் இன்னும் சிவப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விதியைத் தளர்த்தச் சொல்வதற்கு அவர்களுக்கு அதிகாரம் கிடையாது என்று நிறுவனம் எழுத்திலேயே வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் நடுராத்திரியில் இந்த வேலையைச் செய்ய முடியாது.

திடீர்த் துள்ளல் வேறு விதமான பிரச்சினை. அங்கே விலை உயிரோடுதான் இருக்கும், வியாபாரமும் நிஜமாகவே நடந்திருக்கும். ஆனாலும் அது சந்தை விலை இல்லை. இதற்கு நான் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டும் உதாரணம் 2017 ஜூன் 21. கோயின்பேஸ் நிறுவனம் அப்போது ஜிடாக்ஸ் என்ற பெயரில் நடத்திய எக்ஸ்சேஞ்சில் ஈத்தர் 317.81 டாலரில் இருந்தது. யாரோ ஒருவர் பல மில்லியன் டாலர் பெறுமான ஈத்தரை, என்ன விலை கிடைத்தாலும் சரி என்று ஒரே ஆர்டரில் விற்கப் போட்டார். அப்படிப்பட்ட ஆர்டர் புக்கில் இருக்கும் வாங்குகிறவர்களை மேலிருந்து வரிசையாகத் தின்றுகொண்டே இறங்கும். அது தன் பசி தீர நின்றபோது விலை 224.48. கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 'இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு' என்று முன்கூட்டியே பலர் போட்டு வைத்திருந்த ஸ்டாப் ஆர்டர்கள் விழித்துக்கொண்டன. கடனுக்கு வாங்கியவர்களின் காயினை எக்ஸ்சேஞ்சே கட்டாயமாக விற்பதும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டாம் அலையில் கிட்டத்தட்ட 800 ஆர்டர்கள். வாங்க ஆளில்லாத புக்கில் அவை விழுந்து விழுந்து, ஒரு கட்டத்தில் ஈத்தர் 10 சென்ட்டுக்கு விற்றது. பிறகு மேலே ஏறிவிட்டது. அந்த வியாபாரங்களை ரத்து செய்வதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. நஷ்டப்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தன் கையிலிருந்து ஈடுகட்டியது.

2021 அக்டோபர் 21 அன்று நம் நேரம் மாலை ஐந்து மணி வாக்கில் பைனான்ஸ் யு.எஸ்.-இல் பிட்காயின் 65,000-இலிருந்து 8,200 டாலருக்குப் போய்த் திரும்பியதும் இந்த ரகம்தான். நிறுவன வாடிக்கையாளர் ஒருவரின் வர்த்தகப் புரோகிராமில் இருந்த பிழை என்று பிறகு சொன்னார்கள். இரண்டிலும் அடையாளம் ஒன்றே. ஒரு இடத்தின் வரைபடத்தில் மட்டும் கீழே ஒரு நீண்ட திரி தொங்கும், மற்ற இடங்கள் அசைந்திருக்காது. திரி இறங்கிய நேரத்தில் அந்த இடத்தின் புக்கைப் பதிவு செய்து வைத்திருந்தால், வாங்கும் பக்கம் காலியாக இருந்ததும் தெரியும். கடைசி வியாபார விலையை மட்டும் பார்க்கிறவரை இது ஏமாற்றிவிடும். வாங்க நிற்பவரின் மிக உயர்ந்த விலைக்கும் விற்க நிற்பவரின் மிகக் குறைந்த விலைக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கிறவரிடம் ஏமாற்று எடுபடாது. அந்த இடைவெளி வழக்கத்தைவிடப் பல மடங்கு விரிந்திருந்தால், அங்கே விலை என்று ஒன்று அந்த நேரத்துக்கு இல்லவே இல்லை.

பொய்யான திரி என்றால் விட்டுவிடலாமே, யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். அந்த ஒற்றை இடத்தின் விலையை நம்பி வேறு ஏதாவது ஓடினால் நஷ்டம் உண்டு. 2025 அக்டோபர் 11 விடியற்காலை அதைத்தான் எல்லோரும் பார்த்தோம். நம் நேரம் 2.20 வாக்கில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் சீனப் பொருட்களுக்கு மேலும் 100 சதவீத வரி என்று அறிவித்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் எல்லாக் காயினும் கவிழ்ந்தன. அந்த ஒரு நாளில் கட்டாயமாக மூடப்பட்ட கடன் நிலைகள் ஏறக்குறைய 1,900 கோடி டாலர். இந்தத் துறையில் அதற்கு முன் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

அந்த இரவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிட்காயின் இல்லை, யுஎஸ்டிஈ என்ற காயின். ஒரு டாலரை ஒட்டியே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது அது. பைனான்ஸில் அது 65 சென்ட் வரை போனது. மற்ற இடங்களில் சரிவு சில சென்ட்களோடு நின்றது. மேலே சொன்ன திரியின் கதைதான். ஆனால் பைனான்ஸில் பலர் அந்தக் காயினை அடமானமாக வைத்துக் கடன் எடுத்திருந்தார்கள். அடமானத்தின் மதிப்பை அந்த எக்ஸ்சேஞ்ச் தன் சொந்தப் புக்கின் விலையை வைத்துத்தான் போட்டது. புக்கில் விலை இறங்கியதும் அடமானத்தின் மதிப்பு இறங்கியது, போதவில்லை என்று சிஸ்டம் அடமானத்தை விற்றது, விற்றதால் விலை இன்னும் இறங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு, இன்னும் இரண்டு காயின்களையும் சேர்த்து, சுமார் 28 கோடி டாலர் ஈடு கொடுத்ததாகப் பைனான்ஸ் பிறகு அறிவித்தது. குறியீட்டு விலை போடும்போது அந்தக் காயினைக் கொடுத்து மீட்டால் கிடைக்கும் மதிப்பையும் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னது. எங்கள் ஐந்து எக்ஸ்சேஞ்ச் ஏற்பாடு பாதுகாப்பதும் இதிலிருந்துதான். எந்த இடமும் தன்னைத்தானே பார்த்துத் தன் விலையைச் சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அதே இரவில் இன்னொரு சிறு சங்கதி. பைனான்ஸில் ஐஓடிஎக்ஸ் போன்ற சில காயின்களின் விலை திரையில் பூஜ்யம் என்றே காட்டியது. உண்மையில் பூஜ்யத்துக்கு யாரும் விற்கவில்லை. அந்த ஜோடிக்கு அனுமதித்த தசம இடங்களைச் சமீபத்தில் குறைத்திருந்தார்கள், மிகச் சிறிய விலையைக் காட்டத் திரையில் இடமில்லை. பூஜ்யத்தையும் குறை எண்ணையும் காலியான கட்டத்தையும் எங்கள் புரோகிராம் விலையாகவே ஏற்றுக்கொள்ளாது. தசமப் புள்ளிகள் எத்தனை என்ற விவரத்தையும் ஒவ்வொரு நாளும் எக்ஸ்சேஞ்சிடமிருந்து புதிதாக வாங்கிச் சரிபார்க்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். நடு எண் ஐந்தில் இரண்டு பொய்யைத் தாங்கும். மூன்று பொய்யைத் தாங்காது. மூன்று ஒன்றாகப் பொய் சொல்வது அரிது என்று நினைப்போம். ஆனால் அவை வேறு வேறு நிறுவனம் என்பதாலேயே வேறு வேறு காரணத்தால் கெடும் என்று இல்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் கிளவுடின் வர்ஜீனியா டேட்டா சென்டர் பகுதி படுத்தபோது, கோயின்பேஸ் உட்பட உலகெங்கும் பல சேவைகள் ஒரே நேரத்தில் தடுமாறின. அதன் பிறகு ஐந்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, யாருடைய மெஷினில் எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்க ஆரம்பித்தோம். எங்கள் சொந்த மெஷின் எங்கே ஓடுகிறது என்பதும் அந்தக் கேள்வியில் அடங்கும்.

இன்னொன்று, பணம் வெளியே எடுப்பது நின்றுபோன எக்ஸ்சேஞ்ச். சாதாரணமாக ஓரிடத்தில் விலை குறைந்தால் அங்கே வாங்கி இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போய் விற்பார்கள். அதனால்தான் எல்லா இடத்திலும் விலை ஒட்டி நிற்கிறது. எடுத்துப்போகும் வழியை அடைத்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். 2014 பிப்ரவரி 7 அன்று டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் பிட்காயினை வெளியே எடுப்பதை நிறுத்தியது. இரண்டு வாரத்தில் மற்ற இடங்களில் 500 டாலருக்கு மேல் இருந்த பிட்காயின் அங்கே 150-க்கும் கீழே வியாபாரமானது. சர்வர் ஓடியது, செய்தி வந்தது, வயது சரி, புக்கும் சரி. ஆனால் அது பிட்காயினின் விலை இல்லை, உள்ளே மாட்டிக்கொண்ட பிட்காயினின் விலை. ஆகவே ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும், ஒவ்வொரு காயினுக்கும் 'உள்ளே போடலாமா, வெளியே எடுக்கலாமா' என்ற நிலையைத் தனிக் கட்டமாக வைத்திருக்கிறோம். எடுக்க முடியாது என்று மாறினால், விலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடம் கணக்கில் கிடையாது.

மிகச் சங்கடமானது வேறு ஒன்று. ஓர் இடம் மட்டும் விலகியிருக்கிறது, ஆனால் அதுதான் சரி, மற்றவை இனிமேல்தான் வரப்போகின்றன. நிஜமான சரிவும் எங்காவது ஓரிடத்தில்தான் தொடங்கும். பெரிய எக்ஸ்சேஞ்சில் தொடங்கினால் மற்றவை ஓரிரு நொடியில் பின்னாலேயே வந்துவிடும். அந்த ஓரிரு நொடியில் எங்கள் சோதனை உண்மையைப் பொய் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. மற்ற இடங்களில் விலை அசையாவிட்டாலும் புக் மெலிகிறதா என்று பார்ப்பேன். சந்தைக்கு விலை போட்டு நிற்கும் பெரிய ஆட்கள் ஆபத்தை உணர்ந்தால் முதலில் தங்கள் ஆர்டரை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள், விலை பிறகுதான் நகரும். ஐந்து இடத்திலும் புக் ஒன்றாக மெலிந்தால் விலகி நிற்பவன் சொல்வது உண்மை. மற்ற நான்கும் கனமாகவே நின்றால் அது திரி. தெரியாத நேரத்தில் டெஸ்க் விலை சொல்வதை நிறுத்தச் சொல்வதில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளியை அகலமாக்கச் சொல்வேன். அதில் வியாபாரம் போனால் போகட்டும்.

அலாரத்தை எப்படி அமைப்பது என்பது பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. 2 சதவீதம் மாறினால் எழுப்பு என்று வைத்தால் கொந்தளிப்பான வாரத்தில் யாரும் தூங்க முடியாது, நாலாவது நாள் ஃபோன் அடித்தாலும் கை தானாக அதை அணைத்துவிடும். நான் வாதாடி வாங்கிய ஏற்பாடு இது: விலை மாற்றத்துக்குச் செய்தி மட்டும் வரும், ஃபோன் அடிக்காது. ஃபோன் அடிப்பது மூன்றே காரணத்துக்கு. உயிரோடு இருக்கும் விலைகள் மூன்றுக்குக் கீழே போனால், ஏதாவது ஓர் எக்ஸ்சேஞ்சில் எங்கள் காயின் இருக்கும்போது அங்கே வெளியே எடுப்பது நின்றால், அலாரம் கொடுக்கும் மெஷினே மூச்சு விடாமல் போனால். கடைசியானதைக் கவனிக்க வேறு நிறுவனத்தின் சர்வரில் ஒரு சிறு புரோகிராம் ஓடுகிறது. எங்கள் மெஷின் நிமிடத்துக்கு ஒருமுறை அதனிடம் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது எங்களைக் கூப்பிடும்.

காலையில் ஷிஃப்ட் மாறும்போது வருகிறவரிடம் விலைப் பட்டியலை நாங்கள் கொடுப்பதில்லை, அது திரையிலேயே இருக்கிறது. எந்த எக்ஸ்சேஞ்சைக் கணக்கிலிருந்து எடுத்தோம், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, திரும்பச் சேர்க்க இன்னும் எது பாக்கி என்று மட்டும் எழுதிக் கொடுப்போம். வருகிறவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாக்கி இருக்கும் எக்ஸ்சேஞ்சின் வயதுக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்.